ஆட்டோல விட்டா போதுமா, கையால போடணுமா: மழை வைப்பரும் ஹெட்லைட்டும்

போன நவம்பர்ல ஒரு நாள் காலைல எட்டரை மணிக்கு மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூர் ஏறிட்டு இருந்தோம். பர்லியார் தாண்டி கொஞ்ச தூரத்துல மூடுபனி இறங்கிடுச்சு, சுத்தி எல்லாம் வெள்ளையா வெளிச்சமாத்தான் இருக்கு ஆனா இருபதடிக்கு மேல ஒண்ணும் தெரியல. திடீர்னு முன்னாடி ஒரு சில்வர் கலர் கார், பின்னாடி ஒரு சிவப்பு லைட் கூட எரியல, பிரேக் அடிச்சப்போதான் அப்படி ஒரு வண்டி இருக்குன்னே தெரிஞ்சது. அடுத்த வளைவுல ஓரமா நிறுத்தி எங்க வண்டிக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா அதே கதைதான், எங்க வண்டியோட டெயில் லைட்டும் எரியல. வண்டி ஓட்டிட்டு இருந்த மாமா, "ஆட்டோலதானடா கெடக்கு, இருட்டுனா அதுவே போட்டுக்கும்"னாரு. அவர் சொன்னது சரிதான், இருட்டுனா போட்டுக்கும், ஆனா அங்க இருட்டலையே!

அதுக்கப்புறம்தான் ரெண்டையும், அதாவது ஆட்டோ லைட்டையும் ஆட்டோ வைப்பரையும், கையால போடுறதோட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி மீட்டர்ல வர்ற படங்களைப் பத்தி ஒரு விஷயம் தெளிவாகணும், ஏன்னா குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஸ்டியரிங் பக்கத்துல இருக்குற லைட் தண்டுல ஆட்டோன்னு எழுதியிருக்குற இடத்துக்குத் திருப்புறீங்கன்னா, முடிவெடுக்குற வேலைய வண்டிகிட்ட குடுத்துட்டீங்கன்னு மட்டும்தான் அர்த்தம். லைட் எரியுதா இல்லையான்னு சொல்றது ஸ்பீடோமீட்டர் பக்கத்துல வர்ற பச்சைப் படம். ரெண்டு சின்ன விளக்கு ரெண்டு பக்கமும் பார்த்து கதிர் விடுற மாதிரி பச்சையா வந்தா பார்க்கிங் லைட்டும் டெயில் லைட்டும் எரியுது, ஒரு விளக்குலேர்ந்து கோடு கீழ சாஞ்சு வர்ற பச்சைப் படம்னா லோ பீம். இதுல எதுவுமே இல்லைன்னா ஆட்டோல இருந்தாலும் பின்னாடி இருட்டுதான். இன்னொண்ணு, விளக்குப் படத்தோட 'ஏ' எழுத்து சேர்ந்து வந்தா பல பேர் அதை ஆட்டோ ஹெட்லைட்னு நினைச்சுக்கிறாங்க, ஆனா நிறைய வண்டில அது ஆட்டோ ஹை பீம், எதிர்ல வண்டி வந்தா தானா டிம் பண்றது, அது வேற சமாச்சாரம்.

இப்போ லைட்டுக்கு வருவோம். ஆட்டோ லைட் சென்சார் அளக்குறது வெளிச்சத்தை மட்டும்தான், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுதுன்னு அதுக்குத் தெரியாது. ஐநாவோட வாகன விதி 48ல இதுக்கு ஒரு அளவே இருக்கு, வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழ போனா 2 செகண்டுக்குள்ள லோ பீம் எரியணும், 7000 லக்ஸுக்கு மேல போனா அணையணும், ஆனா உடனே இல்ல, 5 செகண்டுலேர்ந்து 300 செகண்டு வரைக்கும் தாமதம் விடலாம், நடுவுல இருக்குறது கம்பெனியோட இஷ்டம். ராத்திரி நம்ம வீட்டு ஹால்ல லைட் போட்டா ஒரு 100, 200 லக்ஸ் இருக்கும், அதை வச்சுப் பார்த்தா 1000ங்கிறது சாயங்காலம் மங்க ஆரம்பிக்குற நேரம். பகல் நேரத்து மூடுபனில சூரிய வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி வருது, பல ஆயிரம் லக்ஸ் சாதாரணமா இருக்கும், அதனால சென்சார் பார்வைல அது நல்ல பகல். குன்னூர் ரோட்டுல எங்க வண்டி பழுதாகல, அதுக்கு வச்ச அளவுப்படி சரியாத்தான் நடந்துகிட்டது, ஆபத்தே அதுலதான் இருக்கு.

இதோட இன்னும் ரெண்டு விஷயம் சேர்ந்து ஆளை ஏமாத்திடும். பகல்ல முன்னாடி எரியுற டிஆர்எல் லைட்டு, பெரும்பாலான வண்டில முன்னாடி மட்டும்தான் எரியும், பின்னாடி டெயில் லைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்புறம் இந்தக் காலத்து டிஜிட்டல் மீட்டர் எப்பவுமே பளிச்சுனு இருக்கும். பழைய வண்டில லைட் போடலைன்னா ராத்திரி மீட்டர் இருட்டா இருக்கும், அதுவே ஞாபகப்படுத்திடும், இப்போ அந்த ஞாபகப்படுத்தல் போயிடுச்சு. பைக்ல பாருங்க, இந்தியால 2017 ஏப்ரல்லேர்ந்து புது பைக்குக்கெல்லாம் ஹெட்லைட் எஞ்சின் ஓடுற வரைக்கும் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும், அங்க இந்தக் கேள்வியே வராது. கார்ல அப்படி இல்ல.

சில வண்டில வைப்பர் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடுனா லைட்டும் தானா எரியுற மாதிரி வச்சிருக்காங்க, நல்ல ஏற்பாடு, ஆனா உங்க வண்டில இருக்கான்னு மேனுவல் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும், மூடுபனில வைப்பரே ஓடலைன்னா இதுவும் உதவாது. அதனால என்னைக் கேட்டா, சாயங்காலம், சுரங்கப்பாதை, பேஸ்மென்ட் பார்க்கிங் இதுக்கெல்லாம் ஆட்டோதான் சரி, கை மறந்தாலும் அது மறக்காது. பகல்ல மழை, மூடுபனி, புழுதின்னா கையால லோ பீம் போடணும், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

ஆட்டோ லைட் வேலை செய்யுதான்னு பார்க்குறது ரொம்ப சுலபம். சென்சார் சில வண்டில கண்ணாடியோட நடு உச்சில மிரருக்குப் பின்னாடி இருக்கும், சில வண்டில டேஷ்போர்டு மேல கண்ணாடி ஓரமா சின்ன கருப்பு குமிழ் மாதிரி இருக்கும். பகல்ல வண்டிய ஆன் பண்ணி ஆட்டோல வச்சு அந்த இடத்தை ஒரு கருப்புத் துணியால மூடுங்க, சில செகண்டுல பச்சைப் படம் வரணும். வரலைன்னா சென்சார்லயோ வயரிங்லயோ கோளாறு இருக்கலாம். அதே காரணத்தால டேஷ்போர்டுல பிள்ளையார் சிலை, பூ, வெல்வெட் விரிப்பு எதையாவது அந்தக் குமிழ் மேல வச்சுட்டா பட்டப்பகல்ல ஹெட்லைட் எரியும், அதைப் பழுதுன்னு சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறவங்களும் உண்டு.

வைப்பர் கதை வேற மாதிரி. மழை சென்சார்னா மழையைப் பார்க்குற கண்ணுன்னு நினைக்காதீங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குற சின்னப் பெட்டி, அதுக்குள்ளேர்ந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கண்ணாடிக்குள்ள சாய்வா போகுது, வெளிப்பக்கம் காஞ்சிருந்தா அந்த ஒளி அப்படியே திரும்பி வந்துடும், தண்ணித் துளி உக்காந்தா அந்த இடத்துல கொஞ்சம் வெளிய கசிஞ்சுடும், திரும்பி வர்றது குறையும், எவ்வளவு குறையுதோ அந்த அளவுக்கு வைப்பர் வேகம். ஆனா அது பார்க்குறது சில சென்டிமீட்டர் இடத்தை மட்டும். உங்க கண்ணுக்கு நேரா லாரி தெளிச்ச சேத்துத் தண்ணி இருக்கும், சென்சார் இருக்குற இடம் காஞ்சிருக்கும், அப்போ வைப்பர் சும்மாதான் இருக்கும். பொடிப்பொடியா படியுற பனித்தூறலும் ஒளியை மெதுவாத்தான் குறைக்கும், அதனால நீங்க எரிச்சலாகி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஒரு தடவை துடைக்கும்.

மலை ரோட்டுல இன்னொரு குழப்பம், கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காத்துல மங்குறது. அதை சென்சார் கணக்குல எடுக்காது, வைப்பர் துடைச்சாலும் போகாது, அதுக்கு ஏசி போட்டு வளைஞ்ச கண்ணாடில மேல்நோக்கி அம்பு போட்ட டிஃபாகர் பட்டனை அமுக்கணும்.

வைப்பரை வேணும்னே ஓடாம நிறுத்தி வச்சிருக்குற நேரமும் உண்டு. சில வண்டில எஞ்சினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா, தண்டு ஆட்டோல இருந்தாலும் ஒரு தடவை ஆஃபுக்குக் கொண்டுபோய் திரும்ப ஆட்டோக்கு வந்தாதான் வைப்பர் தயாராகும், இல்லைன்னா வண்டி கொஞ்சம் நகரணும். யாராவது கண்ணாடி துடைச்சுட்டு இருக்கும்போது கைல அடிச்சுடக் கூடாது, குளிர் நாட்டுல பிளேடு ஐஸ்ல ஒட்டியிருக்கும்போது மோட்டார் கருகிடக் கூடாதுன்னுதான் அப்படி. அதிக சூடும் ஒரு காரணம், சில டொயோட்டா மாடலோட மேனுவல்ல சென்சார் சூடு 90 டிகிரிக்கு மேல போனா ஆட்டோ ஓடாம போகலாம், கையால போடுங்கன்னே எழுதியிருக்காங்க.

மாமா வண்டிக்கு வருவோம், ஏன்னா அன்னிக்கு வைப்பரும் ஒழுங்கா ஓடல. ரெண்டு மாசம் முன்னாடி கல்லு பட்டு முன் கண்ணாடி மாத்தியிருந்தாரு, அதுலேர்ந்து நல்ல மழைல சும்மா இருக்கும், காஞ்ச வெயில்ல கரகரன்னு தேய்க்கும். சென்சாரும் கண்ணாடியும் நடுவுல காத்து இல்லாம ஒட்டியிருக்கணும், அதுக்குன்னு ஜெல் மாதிரி ஒரு மெத்தை இருக்கு. வெளிய நின்னு மிரருக்குப் பின்னாடி இருக்குற அந்த இடத்தை உத்துப் பார்த்தோம், ஓரத்துல வெள்ளி நிறத்துல ரெண்டு மூணு காத்துக் குமிழ் தெரிஞ்சது, அதுதான் ஒளியைத் தப்பா திருப்பிட்டு இருந்தது. கண்ணாடி மாத்துன கடைல பழைய ஜெல்லையே திரும்ப ஒட்டியிருக்காங்க. புது ஜெல் போட்டதும் பிரச்சனை தீர்ந்துடுச்சு. வீட்டுல நீங்களே சோதிக்கணும்னா தண்டை ஆட்டோல வச்சுட்டு, அதுல இருக்குற வளையத்தை அதிக உணர்வு பக்கம் ஒரு படி திருப்புங்க, நிறைய வண்டில வைப்பர் ஒரு தடவை அடிச்சுக் காட்டும். அடுத்து ஸ்பிரே பாட்டில்ல சென்சார் இருக்குற இடத்துல மட்டும் தண்ணி அடிச்சுப் பாருங்க. ஃபாஸ்டேக் ஒட்டும்போதும் மிரர் பக்கம்னு சொன்னாங்கன்னு அந்தப் பெட்டி மேலயே ஒட்டிடாதீங்க, கொஞ்சம் தள்ளி ஒட்டுங்க.

தனி சென்சாருக்குப் பதிலா கேமராவை நம்புற வழியும் இருக்கு, டெஸ்லா கார்ல அப்படித்தான், தனியா மழை சென்சார் கிடையாது, கேமராப் படத்தைப் பார்த்து கம்ப்யூட்டரே மழைன்னு முடிவு பண்ணும். தூரத்தைப் பார்க்க ஃபோகஸ் பண்ணுன கேமராவுக்குக் கண்ணாடி மேல இருக்குற துளி மங்கலாத்தான் தெரியும், இருட்டுல இன்னும் கஷ்டம், அதனால நான் இன்னும் அந்தச் சின்ன ஒளிப் பெட்டி பக்கம்தான்.

கையால போடுற இன்டர்மிட்டென்ட்டோட ஒப்பிட்டா, சென்னை மாதிரி ஊர்ல விட்டு விட்டுக் கொட்டுற மழைக்கு ஆட்டோ வைப்பர்தான் ஜெயிக்கும், பாலத்துக்கு அடில போனா நிக்கும், வெளிய வந்ததும் ஓடும், கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க வேண்டாம். ஒரே சீரான தூறல், பனித்தூறல், லாரிக்குப் பின்னாடி போறதுன்னா கையால வைக்குறதுதான் நிம்மதி. வளையம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், இன்டர்மிட்டென்ட்ல அது இடைவெளி, ஆட்டோல அது உணர்வு, இது தெரியாம ஆட்டோல வளையத்தைக் குறைச்சு வச்சுட்டு வைப்பர் மந்தமா இருக்குன்னு சொல்றவங்க நிறைய. கார் வாஷுக்குப் போறப்போ மட்டும் கட்டாயம் ஆஃப், பிரஷ் மேல அடிச்சா வைப்பரோட கை முறிஞ்சுடும்.

போன வாரம் திரும்ப அதே ரோடு. பர்லியார்ல டீ குடிச்சுட்டு ஏறுறதுக்கு முன்னாடியே மாமா லைட்டை ஆட்டோலேர்ந்து ஒரு படி தள்ளி லோ பீம்ல வச்சாரு, மீட்டர்ல அந்தச் சாஞ்ச கோட்டுப் பச்சைப் படம் வந்ததும் என்னை இறங்கச் சொல்லி பின்னாடி ரெண்டு சிவப்பும் எரியுதான்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு.