கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள்: வார்டில் இருக்கும்போதே மறுபரிசீலனை கேட்பதா, பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதா?

2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு, உசிலம்பட்டி மாமாவை நெஞ்சுவலியோடு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அன்றிரவே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அட்வான்ஸ் 50,000 கட்டினோம், மொத்தம் 1,90,000 ஆகும் என்றார்கள். ஐந்து லட்சத்துக்கு பாலிசி இருந்ததால் மீதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. திங்கள் மாலை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கேஷ்லெஸ் மறுப்பு. அத்தை அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மூணு வருசமாப் பணம் கட்டுனதெல்லாம் போச்சாப்பா?” என்று கேட்டபடியே வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடகு வைக்கத்தான்.

“போகலை அத்தை” என்று சொல்லிவிட்டு, கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வருகிற கடிதங்கள் மூன்று வகை. முதலாவது விளக்கம் கேட்கும் கடிதம், டெஸ்க்கில் ‘குவரி’ என்பார்கள். பழைய ரிப்போர்ட் கொண்டா, சுகர் எத்தனை வருடம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கு என்று கேட்கும். இரண்டாவது கேஷ்லெஸ் மறுப்பு. ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்ட இப்போது ஒப்புதல் தர முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை, க்ளெய்மே கிடையாது என்றும் சொல்லவில்லை. பெரும்பாலான கடிதங்களில் கடைசிப் பத்தியிலேயே இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் க்ளெய்ம் நிராகரிப்பு. பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பார்த்த பிறகு வருவது. மாமாவுக்கு வந்தது இரண்டாவது.

இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. டாக்டரிடம் கடிதம் வாங்கி, நோயாளி வார்டில் இருக்கும்போதே மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அல்லது முழுப் பணத்தையும் கட்டி வீட்டுக்கு வந்து, ஒரிஜினல் பில்களோடு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். பணம் புரட்ட வேண்டியதில்லை என்பது முதல் வழியின் வசதி, பதற்றம் இல்லாமல் செய்யலாம் என்பது இரண்டாவதின் வசதி. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் முதல் வழியைத்தான் எடுத்தேன். திரும்ப இப்படி ஒன்று வந்தாலும் அதைத்தான் எடுப்பேன். பணம் மட்டுமே அதற்குக் காரணமில்லை, கேஸ் ஷீட்டில் இருந்த ஒரு வரிதான் காரணம்.

மறுப்புக்குச் சொன்ன காரணம் இது: சர்க்கரை நோய் ஐந்து வருடமாக இருக்கிறது, பாலிசி எடுத்தபோது அதைச் சொல்லவில்லை. பாலிசி எடுத்தது 2022 நவம்பரில். அவர்கள் கணக்குப்படி நோய் பழையது. ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதே 2023 பிப்ரவரியில்தான் தெரியவந்தது. அப்படியானால் ஐந்து வருடம் என்று சொன்னது யார்? நாங்கள்தான். அன்றிரவு கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் “சுகர் இருக்கா, எத்தனை வருசமா?” என்று கேட்டபோது, பதற்றத்தில் மாமாவின் மகன் “அது இருக்கும் சார், ஒரு அஞ்சு வருசம்” என்றிருக்கிறான். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, அங்கிருந்து கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கும் போய்விட்டது. கம்பெனி பார்ப்பது அந்தத் தாளைத்தான், நம் முகத்தை அல்ல.

நோயாளி வார்டில் இருக்கும்வரை இந்த வரியைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சிகிச்சை பார்த்த டாக்டர் தினமும் ரவுண்ட்ஸ் வருகிறார், கேஸ் ஷீட் நர்ஸ் மேஜையிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் அதே ‘ஐந்து வருடம்’ டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சாகிவிடும். அப்புறம் நீங்கள் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்டாலும் அதோடு வைக்கவேண்டிய முதல் தாளே அந்தச் சம்மரிதான். நமக்கு எதிரான சாட்சியை நாமே கவரில் போட்டு அனுப்பியதாகிவிடும்.

அத்தையிடம், “சுகர் இருக்குன்னு முதன்முதலா எங்கே சொன்னாங்க?” என்று கேட்டேன். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கே கொடுத்த நோட்டு, மாத்திரை டப்பாவோடு வீட்டில் இருந்தது. செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் பையன் அதை எடுத்துவந்தான். முதல் பக்கத்திலேயே தேதி, சர்க்கரை அளவு, எழுதிக்கொடுத்த மாத்திரை எல்லாம் இருந்தன. அதை டாக்டரிடம் காட்டினோம். பழைய வரியை அடிக்கவோ திருத்தவோ இல்லை. அப்படித் திருத்தினால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். உறவினர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து முதலில் எழுதப்பட்டது, ஆவணத்தின்படி நோய் கண்டறியப்பட்டது 2023 பிப்ரவரி என்று லெட்டர்ஹெட்டில் தனியாக எழுதி, கையெழுத்து, பதிவு எண், தேதியோடு கொடுத்தார். கேஸ் ஷீட்டிலும் அன்றைய தேதியில் அதையே ஒரு குறிப்பாக எழுதினார். நோட்டு கையில் இல்லாமல் வெறுமனே போய்க் கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டார், எழுதவும் கூடாது. உண்மையாகவே பழைய நோய் என்றால் இந்த வழி கிடையாது.

பதினொரு மணிக்கு டெஸ்க்கில் இருந்து மறுபரிசீலனைக்குப் போனது, மதியம் ஒப்புதல் வந்தது. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நாளில் இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் தரவேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே சுற்றறிக்கை. டெஸ்க்கில் இதைச் சொல்லிக் கேட்கலாம். கையுறை, பஞ்சு மாதிரியான சில்லறைகளைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி கட்டியது. வளையல் கையிலேயே இருந்தது.

ரீஇம்பர்ஸ்மென்ட்டில் எனக்கு அனுபவம் குறைவு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருமுறை ஃபைல் சேர்த்துக் கொடுத்ததோடு சரி. அதை வைத்துச் சொன்னால், கடிதத்தில் ‘இப்போதுள்ள ஆவணங்களை வைத்து முடிவெடுக்க முடியவில்லை, விசாரணை தேவை’ என்ற பொருளில் எழுதியிருந்தால் அந்த வழி நல்லது. விசாரணைக்கு ஆள் வரும்வரை வார்டில் காத்திருந்தால் ரூம் வாடகைதான் ஏறும். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் பெரும்பாலும் இதுதான் வழி. ஒரிஜினல் பில், ரசீது, சம்மரி எல்லாவற்றையும் பாலிசியில் சொன்ன நாளுக்குள் அனுப்பவேண்டும். பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து 15 அல்லது 30 நாள். அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி எடுத்த பிறகு சில நோய்களுக்குப் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் முடியவில்லை என்பது காரணமாக இருந்து, அந்தக் கணக்கும் சரி என்றால், இரண்டு வழியிலுமே பணம் வராது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம் இருக்கும். அந்தக் குடும்பத்திடம் டெஸ்க்குக்கு அலையவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘நோயை மறைத்தார்’ என்பது காரணமாக இருந்தால் பாலிசி எத்தனை வருடம் விடாமல் ஓடுகிறது என்று பாருங்கள். 60 மாதம் தாண்டியிருந்தால், மோசடி நிரூபணமானால் ஒழிய அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

மூன்றாவது வகைக் கடிதமே வந்துவிட்டால், பாலிசியின் எந்த விதிப்படி என்று அதில் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் அதையே கேட்டு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

மாமா டிஸ்சார்ஜ் ஆன அன்று, கையெழுத்துப் போடுமுன் சம்மரியை வாங்கிப் படித்தேன். டைப் செய்தவர் பழைய தாளைப் பார்த்து மறுபடியும் ஐந்து வருடம் என்றே அடித்திருந்தார். டாக்டரின் கடிதத்தைக் காட்டினேன், மாற்றி அடித்து சீல் வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.