அலகு அணியா, ஒற்றை எடையா, பிரைசன் விதியா? ஒரு வண்டி, மூன்று கணக்குகள்

விலகலுக்கும் மோட்டாரின் உழைப்புக்கும் எடை போட்டு, மொத்தச் செலவு மிகக் குறையும் கட்டளையைத் தேர்ந்தெடுப்பதே எல்.க்யூ.ஆர். கட்டுப்பாடு. அதில் கணினி செய்யும் வேலை இரண்டே வரி:

```python
P = solve_continuous_are(A, B, Q, R)
K = np.linalg.solve(R, B.T @ P)
```

விலகலுக்கான Q, உழைப்புக்கான R ஆகிய எடை அணிகளை யார் தருவது என்பதில்தான் சிக்கல். நேரான தண்டவாளத்தில் ஓடும் ஒரு சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 10 செ.மீ.க்கு மேல் அது விலகக் கூடாது. வேகம் நொடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. மோட்டார் தரக்கூடிய முடுக்கம் அதிகபட்சம் 2 மீ/நொடி². உராய்வை விட்டுவிட்டால், மேலே முதல் வரி தீர்க்கும் ரிக்காட்டி சமன்பாட்டைக் கையாலேயே தீர்த்துவிடலாம். இடத்துக்கான எடை q1, வேகத்துக்கானது q2, முடுக்கத்துக்கானது r, மோட்டாரிடம் கேட்கும் முடுக்கம் u என்றால் கிடைப்பவை:

```
k1 = √(q1/r)
k2 = √(q2/r + 2·k1)
u  = −k1·இடம் − k2·வேகம்
```

எடைகளின் விகிதம் மட்டுமே இங்கே பேசுகிறது. மூன்றையும் பத்தால் பெருக்கினால் P பத்து மடங்காகும், k1, k2 அடங்கிய K அசையாது. q1-ஐ மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் r-ஐ மட்டும் இறக்குகிறவர்களும் பெரும்பாலும் ஒரே குமிழைத்தான் இரு பக்கமிருந்து திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது மூன்று தேர்வுகளையும் அருகருகே வைப்போம். முதலாவது, எல்லா எடையும் 1. இரண்டாவது, q2-ஐப் பூச்சியமாக்கி q1/r-ஐ மட்டும் திருகுவது. இங்கே 400 என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது, ஆர்தர் பிரைசனின் பெயரில் வழங்கும் விதி: ஒவ்வோர் எடையும் அனுமதிக்கும் உச்ச அளவின் வர்க்கத்துக்குத் தலைகீழ். அதாவது q1 = 1/0.1² = 100, q2 = 1/0.5² = 4, r = 1/2² = 0.25.

| தேர்வு | k1 | k2 | 10 செ.மீ.யில் கேட்கும் முடுக்கம் | மையம் தாண்டி மறுபுறம் போவது |
|---|---|---|---|---|
| அலகு அணி | 1 | 1.73 | 0.1 | 0.4 மி.மீ. |
| ஒற்றை எடை | 20 | 6.32 | 2.0 | 4.3 மி.மீ. |
| பிரைசன் | 20 | 7.48 | 2.0 | 0.8 மி.மீ. |

அலகு அணி மோட்டாரின் திறனில் இருபதில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. மந்தமாக இருந்தாலும் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் இடத்தையும் வேகத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, முடுக்கத்தை மட்டும் மீட்டரிலேயே விட்டுப் பாருங்கள். அதே அலகு அணி இப்போது மீட்டர் கணக்கில் 10,000 என்ற எடையாகிவிடுகிறது; k1 = 100, k2 = 101. பத்து செ.மீ. விலகலுக்கு 10 மீ/நொடி² கேட்கும். மோட்டாரால் முடிந்ததைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு கேட்டும் வண்டி வேகமாகத் திரும்பாது, ஏனெனில் வேகத்துக்கான தண்டனை அதை இழுத்துப் பிடிக்கிறது. வேக அளவீட்டிலுள்ள இரைச்சலோ நூறு மடங்காகி மோட்டாரை அதிரவைக்கும். பெயரில் அலகு இருந்தும், அலகைப் பற்றி எதுவும் அறியாத அணி இது.

ஒற்றை எடை எனக்குப் பிடித்த எளிமை. q2 பூச்சியமானால் தணிப்பு விகிதம் எப்போதும் 0.707, சமன்பாடே அதை நிர்ணயித்துவிடுகிறது. திருகும் குமிழ் ஒன்றுதான், ஆனால் அது கனமானது: வண்டி இருமடங்கு விரைவாகத் திரும்ப வேண்டுமானால் q1/r 16 மடங்காக வேண்டும். இரண்டு, மூன்று என்று கூட்டிப் பார்த்து, ஒன்றும் மாறவில்லையே என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம், விரைவு q1/r-இன் நான்காம் மூலமாகவே வளர்வதுதான்.

மாறாக, q1-ஐப் பூச்சியமாக்கி q2-ஐ மட்டும் வைத்தால் என்ன ஆகும்? k1 = 0. வண்டி நிற்கும், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கும், மையத்துக்கு வராது. செலவுக் கணக்கு இடத்தைப் பார்க்கவே இல்லை என்பதால் அதற்கு எங்கு நின்றாலும் ஒன்றுதான். சமன்பாட்டுக்கு நிலைப்படுத்தும் தீர்வு இல்லாமல் போகும் இடம் இது. மென்பொருள் பிழைச் செய்தி தந்தால் A, B அணிகளைக் குடைவதற்கு முன் Q-வைப் பார்ப்பது நல்லது.

பிரைசன் விதியில் k1 என்பது 2-ஐ 0.1-ஆல் வகுத்தால் வரும் 20. அதனால் 10 செ.மீ.யில் ஓய்வாக நிற்கும் வண்டிக்கு மோட்டாரின் உச்சம் அப்படியே பயன்படுகிறது. அலகு மாறினாலும் விடை மாறாது. தொடக்கமாக நான் இதையே எடுப்பேன். ஆனால் எல்லைகளை அது காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. ஓய்விலிருந்து புறப்பட்டால் வேகம் 0.18-ஐத்தான் எட்டுகிறது, 0.5 என்று கொடுத்த எல்லை பாதிகூட நிரம்பவில்லை. மாறாக, வண்டி 10 செ.மீ.யில் இருந்தபடி 0.5 வேகத்தில் வெளிப்புறம் ஓடினால் கேட்கும் முடுக்கம் 2 + 3.74 = 5.74. மோட்டார் 2-இல் திணறி நிற்கும். அந்த நேரத்தில் ரிக்காட்டி சமன்பாடு தந்த எந்த உறுதியும் செல்லாது.

அந்த நிலையும் வரக்கூடும் என்றால் r-ஐ உயர்த்த வேண்டும். r = 5 ஆக்கும்போது k1 = 4.47, k2 = 3.12, கேட்கும் முடுக்கம் 2.01-க்கு இறங்குகிறது. இருபது மடங்கு r-க்குக் கொடுக்கும் விலை, இயல்பதிர்வெண் 4.47-இலிருந்து 2.11 ரேடியன்/நொடியாகக் குறைவது. வண்டி வெளியே ஓடியபடி விளிம்பை எட்டவே வழியில்லாத அமைப்பென்றால், 0.25-ஐ அப்படியே விட்டுவிடுவேன்.