போஸ்ட்பெய்டு பில்: நாலாகப் பிரிப்பதா, வரியைச் சேர்த்து மூன்றாகப் பிரிப்பதா?

போஸ்ட்பெய்டு பில்லை மாத பட்ஜெட்டில் ஏற்ற மூன்று வழி இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸில் வரும் மொத்தத்தை அப்படியே ஒரே தலைப்பில் போடலாம். இல்லாவிட்டால் பில்லில் இருக்கிறபடியே பிளான் வாடகை, கூடுதல் டேட்டா, ரோமிங், வரி என்று நாலாகப் பிரிக்கலாம். மூன்றாவது, வரிக்குத் தனித் தலைப்பே வைக்காமல், ஒவ்வொரு செலவோடும் அதற்குரிய வரியைச் சேர்த்து மூன்றாகப் போடுவது. நான் இப்போது செய்வது மூன்றாவதுதான், அதனால் அதன் பக்கமே பேசப்போகிறேன்.

முதல் வழி ஒரு நிமிட வேலை. பிளானை மாற்றாமல், டேட்டா வரம்பையும் தாண்டாமல், வெளிநாடும் போகாமல் இருப்பவருக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எஸ்எம்எஸ்ஸில் வருவது செலுத்தவேண்டிய மொத்தம், அதில் போன மாத பாக்கியும் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். பட்ஜெட்டுக்கு வேண்டியது 'இந்த மாதக் கட்டணம்' என்ற எண், அது பிடிஎஃப் பில்லில்தான் இருக்கும்.

நாலாகப் பிரிப்பது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஏமாற்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிளான் வாடகை 499 ரூபாய். வரம்புக்கு மேல் 3 ஜிபி போயிருக்கிறது, எம்பிக்கு 2 காசு என்றால் 61.44 ரூபாய். சிங்கப்பூர் போனதற்கு ரோமிங் பேக் 700 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1260.44. இதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பில்லில் இரண்டாக வரும், சேர்த்து 226.88. ஆக 1487.32.

சாதாரண மாதத்தில் 89.82 ஆக இருக்கும் வரித் தலைப்பு இந்த மாதம் 227 ஆகிவிட்டது. பட்ஜெட்டைப் பார்ப்பவருக்கு வரிதான் ஏறிவிட்டதுபோலத் தோன்றும், உண்மையில் விகிதம் மாறவில்லை, ஏறியது ரோமிங். வரியை அதனதன் தலைப்பில் சேர்த்துவிட்டால் பிளான் 588.82, கூடுதல் டேட்டா 72.50, ரோமிங் 826. கூட்டினால் அதே 1487.32 வரும், ஆனால் அடுத்த மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும் என்பது சட்டென்று தெரிகிறது: 589. மற்ற இரண்டும் அந்த மாதத்தோடு போகும் செலவுகள். கணக்கும் சுலபம், ஒவ்வொரு எண்ணையும் 1.18-ஆல் பெருக்கினால் முடிந்தது. தாமதக் கட்டணம் இருந்தால் அதைப் பிளானில் கலக்காதீர்கள், தனியாகவே எழுதுங்கள்.

இந்த முறை பெரிய அளவில் உதவுவது பிளான் மாற்ற யோசிக்கும்போதுதான். ப்ரீபெய்டு ரீசார்ஜ் விலையில் ஜிஎஸ்டி உள்ளேயே அடங்கிவிடும், போஸ்ட்பெய்டு விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல்தான் வரி வரும். 549 ரூபாய் போஸ்ட்பெய்டையும் 599 ரூபாய் ப்ரீபெய்டையும் பக்கத்தில் வைத்தால் முதலாவது 50 ரூபாய் மலிவு என்று தோன்றும். வரி சேர்த்தால் 647.82, அதாவது 49 ரூபாய் அதிகம். ப்ரீபெய்டு 28 நாள் பேக்காக இருந்தால் நாள்கணக்கையும் சமன்செய்யவேண்டும், அது வேறு தலைவலி. கூடுதல் டேட்டாவுக்கும் இதே கதைதான்: மாதாமாதம் 72.50 போகிறதென்றால், அடுத்த பெரிய பிளானின் வரியோடு சேர்ந்த விலை இப்போதையதைவிட அதற்குமேல் கூடாதவரை மாறுவது லாபம். சில பிளான்களில் வரம்பு முடிந்தால் காசு ஏறாது, வேகம்தான் குறையும், அங்கே இந்தத் தலைப்பே காலியாக இருக்கும்.

தேதியையும் பாருங்கள். வாடகைக்குப் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று போட்டிருக்கும். சில நிறுவனங்கள் வாடகையை முன்கூட்டியே வாங்கும், கூடுதல் டேட்டாவும் ரோமிங்கும் பயன்படுத்திய பிறகுதான் வரும். அதனால் ஒரே பில்லில் இரண்டு மாதச் செலவு கலந்திருக்கும். புது இணைப்பின் முதல் பில் பெரிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம், சில நாள் வாடகையும் முழு மாத முன்பணமும் சேர்ந்துவிடும். பேக் போடாமல் வெளிநாட்டில் பேசியதற்கு அங்குள்ள நிறுவனத்திடமிருந்து தாமதமாகக் கணக்கு வந்தால் அடுத்த பில்லிலும் ஏறலாம், திரும்பி வந்த மாதத்து பில்லோடு பயணச் செலவை மூடிவிடாதீர்கள்.

நாலாகப் பிரிப்பதே சரி என்று சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர், தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லை வாங்கித் தொழிலுக்குப் பயன்படுத்தினால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு வரி தனியே நிற்பதுதான் வசதி. குடும்ப பிளானில் நான் என் மூன்றாவது வழியைப் போட்டுப் பார்த்ததில்லை. எண்வாரியாகப் பக்கம் வந்தால் அப்படியே பிரிக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் எல்லாருக்கும் பொதுவான டேட்டா வரம்பு தாண்டினால் யார் தலையில் போடுவது என்பதை வீட்டில்தான் பேசி முடிவு செய்யவேண்டும்.