மூன்று வருட மருத்துவ பாலிசியா, வருடா வருடம் புதுப்பிப்பதா: தள்ளுபடியையும் பூட்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்

தைப்பூசக் காவடி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். மதுரைக்காரர், எபேனில் வேலை, மொரீஷியஸ் வந்து நாலு வருடம். "அண்ணே, அம்மாவுக்கு மெடிக்கல் பாலிசி எடுக்கறேன், மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா பத்து பர்சென்ட் குறையுதாம், விலையும் ஏறாதாம், கட்டிடவா?" என்றார். வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமா அது? அப்போது சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள், பணம் கட்டுவது இங்கிருந்து நாம்தான்.

அவர் கையிலிருந்த கணக்கு இது. அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இதுதான் முதல் பாலிசி. ஒரு வருடத்துக்கு 30,000 ரூபாய். இரண்டு வருடம் சேர்த்துக் கட்டினால் 5 சதவீதம் தள்ளி 57,000. மூன்று வருடத்துக்கு 10 சதவீதம் தள்ளி 81,000. எல்லாம் இந்திய ரூபாய்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் இதற்கு மேல் வரி இல்லை. அதற்கு முன்னால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியவர்கள் மூன்று வருடத்துக்கும் 18 சதவீத வரியை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். வருடா வருடம் கட்டியவர்களுக்கு அடுத்த புதுப்பித்தலிலேயே அது மிச்சமானது. விலையைப் பூட்டுவதில் இப்படியும் ஒன்று உண்டு, ஏறினால் நமக்கு லாபம், இறங்கினால் நமக்கு அது வந்து சேராது.

சரி, மூன்று வருடத் திட்டத்தில் 9,000 ரூபாய் மிச்சம் என்று ஏஜென்ட் சொல்வது பாதிக் கணக்குதான். இன்றைக்குக் கூடுதலாகக் கையை விட்டுப் போவது 51,000. அதை என்ஆர்இ கணக்கில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்து, ஒவ்வொரு வருடமும் அதிலிருந்து 30,000 எடுத்துக் கட்டுகிறோம் என்று வையுங்கள். பிரீமியம் ஒரு பைசாகூட ஏறாவிட்டால், மூன்றாம் வருடம் கட்டும்போது அதில் 3,700 ரூபாய் குறையும். ஆக, மூன்று வருடத் திட்டத்தின் உண்மையான லாபம் அந்த 3,700தான். கம்பெனி வருடம் 10 சதவீதம் ஏற்றினால் (33,000, பிறகு 36,300) லாபம் சுமார் 13,200 ஆகிறது. அதாவது இந்தத் திட்டத்தில் தள்ளுபடி சின்ன விஷயம், விலை ஏறாமல் நிற்பதுதான் சரக்கு. இரண்டு வருடத் திட்டத்தையும் இதே மாதிரி போட்டுப் பார்த்தேன். விலை ஏறாவிட்டால் 1,110 ரூபாய், 10 சதவீதம் ஏறினால் 4,110 ரூபாய். அவ்வளவுதான். இரண்டு வருடத் திட்டம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமே இந்த 1,110 ரூபாய்தான், அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விலைப் பூட்டைப் பற்றி இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது வயது வரிசை. பிரீமியம் பெரும்பாலும் 56 முதல் 60, 61 முதல் 65 என்று படிப்படியாக ஏறும், ஒரு படி தாண்டும்போது விலை சட்டென்று குதிக்கும். இந்த அம்மாவுக்கு 57, 58, 59 மூன்றுமே ஒரே படிக்குள் வந்துவிடுகிறது, குதிப்பே இல்லை. அவருக்கு 60 வயதாக இருந்திருந்தால் மூன்று வருடத் திட்டம் இன்னும் நல்ல பேரம். ஆனால் எல்லாக் கம்பெனியும் சேரும்போது இருக்கிற வயதுக்கே மூன்று வருடத்தையும் கணக்கிடுவதில்லை. சிலர் இரண்டாம் வருடத்தை அடுத்த படி விலையிலேயே போட்டு, மொத்தத்தில்தான் தள்ளுபடி தருகிறார்கள். ஏஜென்டிடம் "வருடவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்டு எழுத்தில் வாங்கினால் இது தெரிந்துவிடும். இரண்டாவது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யிடம் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்துவிட்டது. அதனால் மூத்தவர்களுக்கு விலைப் பூட்டின் அவசியம் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, 57 வயதுக்காரருக்கு அந்த வரம்பு இல்லை.

இப்போது கம்பெனி மாறும் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு வலித்த இடம் அதுதான். பாலிசியை வேறு கம்பெனிக்கு போர்ட் செய்தால், ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். முன்பிருந்தே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கிடைக்க அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அதில் 24 மாதம் பழைய கம்பெனியில் கழித்திருந்தால் புதிய இடத்தில் பாக்கி 12 மாதம்தான், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு. ஆனால் போர்ட் செய்வது புதுப்பிக்கும் நேரத்தில் மட்டுமே. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால் விண்ணப்பம் போயிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். வருட பாலிசிக்காரருக்கு இந்தக் கதவு மூன்று வருடத்தில் மூன்று தடவை திறக்கிறது. மூன்று வருட பாலிசிக்காரருக்கு ஒரே தடவை.

2021 ஏப்ரலில் அப்பாவுக்கு 62 வயதில் மூன்று வருட பாலிசி எடுத்தேன். அடுத்த வருடமே திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலிலிருந்து போய்விட்டது. மாறிவிடலாம் என்று கேட்டால் "2024 ஏப்ரலில் வாங்க சார்" என்றார்கள். அப்பாவுக்கு அதுவரை இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை, அன்றைக்கு எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொண்டிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். 2023 ஆகஸ்டில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பில்லை நாங்களே கட்டி, பிறகு காகிதம் அனுப்பி பணத்தை வாங்கினோம், அது வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் கதவு திறந்தபோது இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன், இரண்டும் மறுத்தன. போர்ட் விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் புதிய கம்பெனியின் கையில் இருக்கிறது, இருக்கிற கம்பெனி மட்டும் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்று சொல்லிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆகவே பழைய இடத்திலேயே இருக்கிறோம். மூன்று வருடமாக ஏறாமல் நின்ற விலை அந்த ஒரே நோட்டீஸில் மொத்தமாக ஏறி வந்தது. பூட்டு திறந்த நாளில் அன்றைய விலைப்பட்டியல்தான் பொருந்தும் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"நடுவில் ரத்து செய்துவிட்டு மாறினால் என்ன, பணம் திரும்ப வருமே" என்பார்கள். பணம் வரும், உண்மைதான். 2024 விதிப்படி 7 நாள் முன்னால் எழுதிக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், இன்னும் தொடங்காத வருடங்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். மதுரை அம்மாவின் 81,000 பாலிசியை முதல் வருடம் முடிவதற்குள் ரத்து செய்தால் 54,000 வரவேண்டும். இரண்டாம் வருடம் தொடங்கி ஒரு நாள் ஆனால்கூட அந்த விதி உறுதியாகத் தருவது மூன்றாம் வருடத்துக்கான 27,000 மட்டும்தான், ஓடிக்கொண்டிருக்கிற வருடத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்பதை பாலிசி வாசகத்தில் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய இழப்பு பணம் இல்லை. ரத்து செய்வது புதுப்பித்தல் அல்ல, அதனால் புதிய கம்பெனி அதை போர்ட்டாக எடுக்காமல் புது பாலிசியாகத்தான் எழுதும். சர்க்கரைக்குக் கழித்த ஒரு வருடம் போய்விடும், கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு வைக்கிற 24 மாதமும் முதலிலிருந்து ஓடும். 54,000 கைக்கு வந்து, காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கினால் அந்த அம்மாவுக்கு அது நஷ்டம்.

காப்பீட்டுத் தொகையைக் கூட்டுவதும் புதுப்பிக்கும்போதுதான். ஐந்து லட்சம் போதாது என்று இரண்டாம் வருடம் தெரிந்தால், மூன்று வருட பாலிசிக்காரர் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு டாப்-அப் எடுக்க வேண்டும்.

மூன்று வருடத் திட்டத்துக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். புதுப்பிக்கும் குறுஞ்செய்தி ஊரில் அப்பாவின் போனுக்குப் போகும், அவர் பார்க்க மாட்டார். 30 நாள் கூடுதல் அவகாசமும் தாண்டிவிட்டால் பாலிசி அறுந்துவிடும், அதுவரை கழித்த காத்திருப்பும் அதோடு போய்விடும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நினைவு வைத்தால் போதும் என்பது நிஜமான நிம்மதி. ஆனால் அதற்கு மலிவான வழி, பாலிசியில் நம் ஈமெயிலையும் இங்கத்து எண்ணையும் சேர்ப்பது. ஊரில் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே எட்டரைதான், வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே பேசிவிடலாம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, முதல் வருடம் 30,000 மட்டும் கட்டு. இது உனக்குப் புதுக் கம்பெனி, அவர்கள் க்ளெய்ம் எப்படித் தருகிறார்கள், மதுரையில் எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளில் பதில் சொல்கிறார்கள் என்பது ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு இப்போது சர்க்கரை மட்டும்தான், மாறுவதற்கு இதைவிட நல்ல உடல்நிலை பின்னால் அமைவது கஷ்டம், அந்த வருடங்களில் கதவை மூடி வைக்காதே. விலை ஏறினால் கொஞ்சம் கூடக் கட்டுவாய், பரவாயில்லை. கம்பெனி சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின், 60 முடிந்து அடுத்த வயதுப் படி ஏறுவதற்குச் சற்று முன்னால் மூன்று வருடத்துக்குக் கட்டு, வருடவாரி விலை அவருடைய அன்றைய வயதுக்கே நிற்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, எந்தக் கம்பெனியும் எடுக்காது என்ற நிலையில் இருக்கிற என் மாதிரி ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் சரி. மாற வழியே இல்லாதவன் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். வரும் ஏப்ரலில் நான் மூன்று வருடத்துக்குத்தான் கட்டப்போகிறேன்.

தம்பி போனில் நாள்காட்டியைத் திறந்து, புதுப்பிக்கும் தேதிக்கு 60 நாள் முன்னால் ஒரு குறிப்பும் 45 நாள் முன்னால் இன்னொன்றும் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.