நுழைவுத் தேர்வுக்கு லீவு கேட்டு மூன்று விதமான கடிதம்: எது செல்லும்?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒருவர் எம்.எஸ்சி. நர்சிங் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு 20ஆம் தேதி சனிக்கிழமை காலையில், மையம் சென்னை. ரோஸ்டரில் அவருக்கு 17, 18, 19 மூன்று நாளும் நைட் டியூட்டி, இரவு 8 முதல் காலை 8 வரை. 20, 21 நைட் ஆஃப். இந்த ஒரே நிலைமைக்கு மூன்று விதமாகக் கடிதம் எழுதலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வகை, எல்லோரும் எழுதும் இரண்டு வரிக் கடிதம். “சொந்த வேலை காரணமாக 20ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு தேவை.” யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எளிதில் கையெழுத்தாகிவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் தேதியைக் கவனியுங்கள். 20ஆம் தேதி ஏற்கெனவே அவருக்கு நைட் ஆஃப். “அன்னைக்கு உனக்கு ஆஃப்தானேம்மா, எதுக்கு லீவு?” என்று இன்சார்ஜ் சிஸ்டர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொல்வதும் சரிதான். சிக்கல் 19ஆம் தேதி இரவில் இருக்கிறது. ரோஸ்டரில் அது 19 என்ற கட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும், வேலை முடிவது 20 காலை 8 மணிக்கு. அதற்குப் பிறகு ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு மதுரையிலிருந்து சென்னைக் காலைத் தேர்வுக்குப் போக வழியே இல்லை. நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் தேர்வுத் தேதிக்கு மட்டும் லீவு கேட்டால் பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். எந்த இரவு தனக்கு வேண்டாம் என்பதைத் தேதியோடு கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

“சொந்த வேலை” என்பதிலும் ஒரு பின்விளைவு உண்டு. மேற்படிப்பு என்றால் வேலையை விட்டுவிடுவார் என்று நிர்வாகம் நினைக்கும், அதனால் மறைக்கத் தோன்றும். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எம்.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்குப் பொதுவாக பி.எஸ்சி. முடித்தபின் ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவச் சான்றிதழை இதே அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் கவுன்சலிங் சமயத்தில் அவற்றையும் இங்கேதான் கேட்டு நிற்க வேண்டும். இன்று மறைத்தது அன்று எப்படியும் வெளியே வரும். அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு இந்தக் கேள்வியே இல்லை. துறையின் அனுமதியோடுதான் மேற்படிப்புக்குப் போக முடியும் என்பதால் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாம் வகை, நீண்ட விடுப்பு. 16 முதல் 20 வரை ஐந்து நாள், படிக்கவும் தேர்வு எழுதவும். கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மூன்று இரவு கண்விழித்த மூளையோடு தேர்வு எழுத முடியாது. ஆனால் கண்காணிப்பாளர் இதை எப்படிப் படிப்பார்? ஐசியுவில் அடுத்தடுத்து மூன்று இரவு ஆள் இல்லை என்றுதான். இரவில் ஆட்கள் ஏற்கெனவே குறைவு. வென்டிலேட்டர் நோயாளியைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத்தான் அங்கே போட முடியும், பொது வார்டிலிருந்து யாரையாவது இழுத்துவர முடியாது. தற்செயல் விடுப்பை இப்படித் தொடர்ந்து ஐந்து நாள் தருவதற்கும் பல இடங்களில் சம்மதிக்க மாட்டார்கள். ஈட்டிய விடுப்பு கையில் இருந்து, மாத ரோஸ்டர் போடுவதற்கு முன்பே கேட்டால் இது நடக்கலாம். ரோஸ்டர் ஒட்டியபிறகு கேட்டால், கேட்ட நாட்களில் பாதியை மட்டும் தந்து அனுப்புவார்கள். எந்தப் பாதி என்பது நம் கையில் இருக்காது.

மூன்றாம் வகைதான் என் தேர்வு. முதலில் ரோஸ்டரை மாற்றிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் லீவு கேட்பது. அதே ஐசியுவில் இன்னொரு செவிலியருக்கு 17 முதல் 20 வரை காலை ஷிஃப்ட், 21 ஞாயிறு வார ஆஃப். அவருடைய நைட் அடுத்த வாரம் 24, 25, 26, அப்புறம் 27, 28 நைட் ஆஃப். நம்மவருக்கு 24 முதல் 27 வரை காலை, 28 வார ஆஃப். இருவரும் இந்த இரண்டு வரிசையையும் முழுதாக மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது நம்மவர் 17, 18 காலை வேலை பார்ப்பார், 19, 20 இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுப்பார், 21 ஆஃப், 22இல் பணிக்குத் திரும்புவார். நிர்வாகத்துக்கு மூன்று இரவு காலியாவதற்குப் பதில் இரண்டு காலை ஷிஃப்ட் மட்டும் குறைகிறது. பகலில் இன்சார்ஜும் இருப்பார், ஆட்களும் கூடுதல், சமாளித்துவிடலாம்.

19ஆம் தேதி காலை வேலை பார்த்துவிட்டு இரவு பாண்டியனில் ஏறினால் ஒரு நாள் லீவு மிச்சமாகுமே என்று கேட்கலாம். ஆகும். ஆனாலும் அந்த லீவைச் செலவழிப்பதே மேல். காலை வைகையில் போனால் மதியத்துக்கு மேல் எழும்பூர், தேர்வு மையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இரவு தூங்கலாம்.

மாற்றிக்கொள்வதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். நைட்டை மட்டும் மாற்றி, நைட் ஆஃப் யாருக்கு என்று எழுதாமல் விடுவது ஒன்று. அப்படி விட்டால் மூன்று இரவு பார்த்தவருக்கு ஆஃப் இல்லாமல் போய், மறுபடி கடிதம் எழுத வேண்டிவரும். மற்றொன்று, இருவரில் ஒருவர் முந்தின நாள் நைட் முடித்து அப்படியே காலை ஷிஃப்டில் நுழையும்படி ஆவது. 16, 23 தேதிகளில் இருவருக்கும் என்ன ஷிஃப்ட் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கொடுப்பார்கள். உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

பெறுநர்: செவிலியர் கண்காணிப்பாளர்
வழி: இன்சார்ஜ் சிஸ்டர், ஐசியு
பொருள்: நுழைவுத் தேர்வுக்காகப் பணி முறை மாற்றமும் இரண்டு நாள் தற்செயல் விடுப்பும் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மா,
20ஆம் தேதி சனிக்கிழமை காலை சென்னையில் நடக்கும் எம்.எஸ்சி. நர்சிங் நுழைவுத் தேர்வை எழுத இருக்கிறேன். 17, 18, 19 தேதிகளில் எனக்கு இரவுப் பணி உள்ளது. 19ஆம் தேதி இரவுப் பணி தேர்வு நாள் காலையில்தான் முடிகிறது. எனவே 17 முதல் 21 வரையும் 24 முதல் 28 வரையும் உள்ள என் பணி வரிசையை, நைட் ஆஃப் மற்றும் வார ஆஃப் உட்பட, கீழே சம்மதக் கையெழுத்திட்டுள்ள சக செவிலியருடன் மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். 19, 20 ஆகிய இரு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு வேண்டும். 22ஆம் தேதி பணிக்குத் திரும்புவேன். விண்ணப்பப் பதிவின் நகலை இணைத்துள்ளேன். ஹால் டிக்கெட் வந்ததும் கொடுக்கிறேன். தேர்வு தள்ளிப்போனால் உடனே தெரிவித்து, பழைய ரோஸ்டர்படியே பணிக்கு வருவேன்.

கடைசி இரண்டு வரியும் அலங்காரத்துக்கு இல்லை. ஹால் டிக்கெட் பல தேர்வுகளுக்குச் சில நாள் முன்புதான் வரும். அதற்காகக் காத்திருந்தால் ரோஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அதனால் தேர்வுத் தேதி தெரிந்ததும் பதிவு நகலோடு கடிதம், பிறகு ஹால் டிக்கெட்டோடு ஒரு சின்னக் குறிப்பு. அனுமதி வாய்மொழியாகக் கிடைத்தால் போதாது. நம் நகலில் கண்காணிப்பாளரின் கையெழுத்தை வாங்கி, வார்டில் ஒட்டியிருக்கும் ரோஸ்டரிலும் இரண்டு பெயர்களும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் மாறி, சுவரில் மாறாமல் இருந்தால் 17ஆம் தேதி இரவு 8 மணிக்குப் போன் வரும்.