கல்யாண வீட்டுக் காபி: இரண்டு பெரிய பில்டரோடு ஐந்து வருடம்

அரைக் கிலோ தூள் பிடிக்கிற எவர்சில்வர் பில்டர் இரண்டு என்னிடம் இருக்கிறது. வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எது நடந்தாலும் சமையலை மாஸ்டர் பார்த்துக்கொள்வார், காலைக் காபி மட்டும் என் பொறுப்பு. ஆபீசில் மாதக் கூட்டத்துக்கும் நான்தான் போடுகிறேன்.

முதலில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பில்டர். ஒரு கிலோ தூளை அப்படியே கொட்டலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. அவனியாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தரைக்குத் திறந்து பார்த்தால் கீழே அரை லிட்டர்கூட இல்லை. பதற்றத்தில் கரண்டியை விட்டுக் கிளறிவிட்டேன். அத்தனை மண்டியும் கீழே இறங்கிவிட்டது, டிகாஷன் சேறு மாதிரி ஆகிவிட்டது.

ஏன் அடைத்தது என்று அப்புறம்தான் புரிந்தது. வீட்டுப் பில்டருக்கு அரைக்கிற பதத்திலேயே தூள் வாங்கியிருந்தேன், சிக்கரியும் நூற்றுக்கு நாற்பது. சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். தூள் நாலு விரல் உயரத்துக்கு மேல் நின்றால் அதன் கனமே அதை அமுக்கிவிடும், தண்ணீருக்கு வழி கிடைக்காது. அதனால் இப்போது ஒரு பெரிய பில்டருக்குப் பதில் இரண்டு அகலமான பில்டர். தூளையும் மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் முதல் நாள் சாயங்காலம்தான் அரைத்து வாங்குவேன். "விசேஷத்துக்குண்ணே, கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும், சிக்கரி இருபதுக்கு மேல வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

அளவுக்கு நான் ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன். ஒரு கிலோ தூளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர். அதில் இரண்டு லிட்டரைத் தூளே குடித்துவிடும், நாலு லிட்டர் டிகாஷன் கிடைக்கும். ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால். விசேஷத்துக் கப் நூறு மில்லி என்றால் ஒரு கிலோவில் நூற்று அறுபது கப் வரும். கிலோவுக்கு இருநூறு கப் எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான், இரண்டாம் டிகாஷனைக் கலந்தால். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டாம் டிகாஷனில் நிறமும் கசப்பும் இருக்கும், வாசனை இருக்காது.

போன தை மாதம் திருமங்கலத்தில் அக்கா மகள் கல்யாணம். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். ராத்திரி மண்டபத்தில் தங்கியவர்களுக்கு ஐந்து மணிக்கு எண்பது கப், ஆறரைக்கு மேல் வருகிறவர்களுக்கு நூற்று அறுபது கப் என்று கணக்குப் போட்டோம். மொத்தம் 24 லிட்டர் காபி. அதற்கு டிகாஷன் ஆறு லிட்டர், பால் பதினெட்டு, தூள் ஒன்றரைக் கிலோ. சிந்துவதற்கும் சுண்டுவதற்கும் சேர்த்துப் பால் இருபது லிட்டர் சொல்லிவைத்தோம். மண்டபத்து போர் தண்ணீர் உப்பு, அதனால் டிகாஷனுக்குக் கேன் தண்ணீர்.

இரண்டே முக்காலுக்கு முதல் பில்டரில் அரைக் கிலோ தூளைப் போட்டு, மட்டமாகத் தட்டி, குடைத்தட்டை அமுக்காமல் மேலே வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்ற வேண்டும். புதுத் தூள் என்றால் நுரைத்து மேலே எழும்பும், அதற்குள் இருக்கிற காற்று வெளியேறுகிறது. நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மீதித் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றினேன். ஒரே மூச்சில் ஊற்றினால் தூள் ஒரு பக்கம் ஒதுங்கிப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்து வழியாகத் தண்ணீர் வெறுமனே ஓடிவிடும்.

நடுவில் சொட்டுவது நின்றுவிட்டது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகி உட்கார்ந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மேல் பாத்திரத்தை இலேசாகத் தூக்கி மறுபடி வைத்தேன், புஸ்ஸென்று காற்று போனது, சொட்ட ஆரம்பித்தது. அப்படியும் சொட்டாவிட்டால்தான் அடைப்பு. கிளறாமல் வேறு பாத்திரத்தில் துணியை வைத்து வடித்துவிட வேண்டும்.

நாலரைக்கு முதல் இரண்டு லிட்டர் தயார். நாலேகாலுக்கே இரண்டாவது பில்டரில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. முதல் பில்டரைக் கழுவி நாலே முக்காலுக்கு மறுபடி நிரப்பினேன். ஆறரைக்குள் மீதி நாலு லிட்டரும் கையில் இருந்தது.

சூடாக வைக்கிற விஷயத்தில்தான் முன்பு நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன். ஒரு காதுகுத்துக்கு இருபது லிட்டர் காபியையும் சர்க்கரையோடு கலந்து, அண்டாவில் ஊற்றி, சிறு தீயில் வைத்துவிட்டேன். முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சித்தப்பா டம்ளரைக் கையில் வாங்கியதுமே, "என்னப்பா, தீஞ்ச வாடை அடிக்குது?" என்றார். பால் அடியில் பிடித்திருந்தது, மேலே ஏடு கட்டியிருந்தது, காபியில் ஒரு புளிப்பும் வந்திருந்தது. அந்தப் புளிப்புக்குச் சூடுதான் காரணம். டிகாஷன் சூட்டிலேயே நெடுநேரம் நின்றால் அதிலுள்ள அமிலங்கள் உடைந்து மாறிவிடும், நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று தெரியும்.

இப்போது டிகாஷனை அடுப்பிலேயே ஏற்றுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கொதிக்கிற பால் மூன்று பங்கில் ஆறிய டிகாஷன் ஒரு பங்கைச் சேர்த்தாலும் காபி எண்பது டிகிரி பக்கம் நிற்கும். இரண்டு ஆற்று ஆற்றினால் குடிக்கிற பதம். டிகாஷனை வாய் வரை நிரம்புகிற தூக்குவாளியில் இறுக மூடி வைத்தால் போதும். பாதி காலியான பாத்திரத்தில் வைத்தால் காற்று பட்டு வாசனை போய்விடும். இப்படி வைத்தது மூன்று மணி நேரம் வரை எனக்குக் குறையே தெரிந்ததில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் கசப்பு இருக்கும், மணம் மட்டையாகிவிடும். அப்போது கூடுதலாக ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கசப்புதான் ஏறும். பாலையும் மொத்தமாகக் காய்ச்சுவதில்லை, ஆறு ஆறு லிட்டராகத்தான். கலப்பது ஒரு தடவைக்கு இருபது கப், அது தீரும்போது அடுத்தது. சர்க்கரை கப்புக்கு எட்டு கிராம், கலக்கிற நேரத்தில்தான் போடுவேன். சர்க்கரை வேண்டாதவர்களுக்குத் தனியாகக் கொடுக்க இதுதான் வசதி.

ஆபீஸ் கூட்டத்துக்கு நாற்பது கப். கால் கிலோ தூளில் ஒரு லிட்டர் டிகாஷன், மூன்று லிட்டர் பால். வீட்டிலிருந்து டிகாஷனைச் சாதாரணப் பாட்டிலில் கொண்டுபோய், பாலை அங்கேயே இண்டக்ஷன் அடுப்பில் காய்ச்சிக்கொள்கிறேன். ஒருவேளை கலந்தே பிளாஸ்கில் எடுத்துப் போக வேண்டியிருந்தால், முதலில் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்புங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் பழைய பால் நாற்றம் அடுத்த காபியில் வரும்.

பில்டர்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. நாலைந்து விசேஷத்துக்கு ஒருமுறை ஓட்டைகளில் எண்ணெய்ப் பசை ஏறி வடிவது மந்தமாகும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று தெரியும். காய்ந்த தட்டைக் கேஸ் தீயில் ஒரு நிமிடம் காட்டி, ஆறியதும் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும்.