சட்டி ரெடியா? ஜூன் கேப்ஷனை ஐப்பசிக்கு மாற்றிய நான்கு வழிகள்

காசிமேட்டில் மீன் வாங்கி, வெட்டிச் சுத்தம் செய்து, ராயபுரம் தண்டையார்பேட்டை பக்கம் வீடுகளுக்கு அனுப்பும் ஓர் அக்காவுக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதித் தருகிறேன். போன ஜூனில் எழுதிய ஒன்று அவர் கடைக்கு மற்ற எதையும்விட நன்றாகப் போனது:

"ரெண்டு மாசமா வலை காய்ஞ்சு கிடந்துச்சு. இன்னைக்கு நனைஞ்சிருக்கு. வஞ்சிரம் வந்தாச்சு. சட்டி ரெடியா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, விசைப்படகுகள் திரும்பி வந்த காலை அது. புரட்டாசி முடியும் சமயம் அக்கா கேட்டார்: "இன்னா தம்பி, அன்னைக்கு போட்டதையே கொஞ்சம் மாத்திப் போட்டா போதாதா? ஒரு மாசம் மீனே தொடாதவங்க எல்லாம் வாங்க வருவாங்களே."

கேள்வி நியாயமானது. இரண்டுமே ஒரு காத்திருப்பு முடிகிற நாள். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிய, பழைய கேப்ஷனில் எந்தச் சொல் வேலை செய்தது என்று முதலில் பார்க்க வேண்டும். லைக் எண்ணிக்கை அதைச் சொல்லாது. ஜூன் 15 அன்று ஊரே மீனைப் பற்றித்தான் பேசும், அந்த லைக்கில் பாதி தேதிக்கு விழுந்ததாகக்கூட இருக்கலாம். கமெண்டில் மக்கள் எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று படித்தேன். "சட்டி ரெடி", "சட்டி ரெடி, புளி கரைச்சாச்சு", "சட்டி மட்டும்தான் ரெடி, மீன் எப்போ வரும்?" என்று வரிசையாக இருந்தது. வலை காய்ந்ததைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், ஆனால் உயிர் கடைசி இரண்டு சொல்லில் இருந்தது.

அப்புறம் நான்கு வழிகளை எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதல் வழி, அக்கா சொன்னதுதான். காலத்தை மட்டும் மாற்றுவது: "ஒரு மாசமா வலை காய்ஞ்சு கிடந்துச்சு..." இது எழுதும்போதே பொய்யாகிவிடுகிறது. புரட்டாசியில் படகுகள் கடலுக்குப் போகத்தான் செய்கின்றன. மீன் இருக்கிறது, வாங்க ஆள் குறைவு. ஜூனில் நின்றது கடல் பக்கம், அக்டோபரில் நின்றது அடுப்பு பக்கம். இதைக் காசிமேட்டுக்காரர் படித்தால் அந்த நிமிடமே கடையின் மேல் நம்பிக்கை போய்விடும். பருவம் மாறும்போது பழைய வரி சலிப்புத் தருவதற்கு முன்னால், அது இன்னும் உண்மைதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, எலும்புக்கூட்டை அப்படியே வைத்து உள்ளே இருக்கும் பொருளை மாற்றுவது: "ஒரு மாசமா சட்டி பரண்ல கிடந்துச்சு. இன்னைக்கு இறங்கியிருக்கு. சங்கரா வந்தாச்சு. குழம்பு ரெடியா?" இது உண்மை. மீன் குழம்புக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கும் பல வீடுகளில் புரட்டாசி பிறந்ததும் அது பரண் ஏறிவிடும். புதிதாகக் கடையைப் பின்தொடர்பவருக்கு இது நன்றாகவே இருக்கும். பழையவருக்குத்தான் சிக்கல். முதல் வாக்கியத்திலேயே அந்தப் பழைய தாளம் காதில் விழுந்துவிடும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் சுமார் 125 எழுத்துக்கு மேல் போனால் மடிந்துவிடும். இது அதற்குள் அடங்கினாலும், பலர் கவனிப்பது தொடக்கத்தை மட்டுமே. "இது போன தடவை போட்டதாச்சே" என்ற எண்ணம் பிறக்கும் இடமும் அதுதான். போதாக்குறைக்கு, உயிருள்ள சொல்லான 'சட்டி ரெடியா'வை எடுத்துவிட்டு, யாரும் கவனிக்காத அமைப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, பழையதை நேராகச் சுட்டுவது: "ஜூன்ல சட்டி ரெடியான்னு கேட்டோம், ஞாபகம் இருக்கா?" இது வாடிக்கையாளருக்குப் பழகிய முகம் போல இருக்கும், ஆனால் ஜூனில் இல்லாதவருக்கு ஒன்றும் புரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் பொருந்தும். அங்கே பார்ப்பவர்கள் நம்பர் வைத்திருக்கும் தெரிந்தவர்கள்தான். பொதுப் பதிவுக்கு நான் எடுக்கமாட்டேன்.

நான்காவது வழியில்தான் நின்றோம். கடைசிக் கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் இருப்பதை முழுவதும் புதிதாக எழுதுவது. புதியது என்றால், அந்தப் பருவத்தில் மட்டுமே சொல்ல முடிந்த ஒன்று. பரண் படத்தை நான் ஏற்கெனவே வைத்திருந்தேன். அக்கா மீன் வெட்டும் பலகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசம் சும்மா இருந்த மண்சட்டிய அப்படியே அடுப்புல வைச்சா விரிஞ்சிரும் தம்பி, ராத்திரியே தண்ணில ஊறப் போடணும்." அதுவே கேப்ஷன் ஆனது:

"பரண்ல இருக்கிற மண்சட்டிய இன்னைக்கு ராத்திரியே தண்ணில ஊறப் போடுங்க. விடிஞ்சா ஐப்பசி, சங்கரா வருது. சட்டி ரெடியா?"

கேள்வி அதேதான், ஆனால் அர்த்தம் வேறு. ஜூனில் அது ஆசையைக் கிளப்பும் கேள்வி. இங்கே நிஜமாகவே ஒரு வேலை முடிந்ததா என்று கேட்கிறது. முழுவதும் மடிப்புக்குள் போகாத நீளத்தில் இருக்கிறது, கேள்வி 'மேலும்' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாது. கேப்ஷன் நீண்டிருந்தால் இந்த வழி தோற்றுப்போகும், காரணம் நாம் காப்பாற்றிய சொல்லே கண்ணில் படாது.

இன்னொரு மாற்றம் நேரத்தில். ஜூனில் மீன் தரைக்கு வந்த பிறகுதான் போட முடிந்தது. எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஐப்பசி பிறக்கும் நாள், அக்டோபர் 17, 18 வாக்கில், காலண்டரிலேயே இருக்கிறது. அதனால் முந்தின நாள் மாலை போட்டோம். இதில் ஒரு எச்சரிக்கை: ஐப்பசி முதல் நாள் வெள்ளியிலோ அமாவாசையிலோ விழுந்தால் பல வீடுகளில் அன்றும் மீன் கிடையாது. அந்த வருடம் ஒரு நாள் தள்ளித்தான் போட வேண்டும். ரொம்பத் தள்ளவும் முடியாது, நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட வீடுகள் மறுபடி நிறுத்திவிடும்.

படத்தையும் மாற்றினோம். ஜூனில் பலகை மேல் வஞ்சிரம் வைத்த படம். அதையே திரும்பப் போட்டிருந்தால், வார்த்தை எவ்வளவு புதிதாக இருந்தாலும் பழைய பதிவு என்றே கண் சொல்லியிருக்கும். இந்த முறை வாளித் தண்ணீரில் மூழ்கிய சட்டி, மீனே இல்லை. அக்காவுக்கு முதலில் அதில் இஷ்டமில்லை. "மீன் கடையில மீன் இல்லாமயா?" என்றார்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். ஜூன் கேப்ஷனைப் படித்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அனுப்பி, "என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டோம். ஒருவர், "எங்க சட்டியும் பரண்லதான் இருக்கு, எடுக்கணும்" என்றார். இன்னொருவர், "உங்க சட்டி ரெடியா திரும்ப வந்துருச்சு" என்றார். இந்த இரண்டாவது பதில்தான் நான் எதிர்பார்த்தது. பழையது தெரிந்தது, ஆனால் சந்தோஷமாகத் தெரிந்தது. "இதையே தானே அன்னைக்கும் போட்டீங்க" என்று வந்திருந்தால் முன்பகுதியை மறுபடி எழுதியிருப்பேன்.

பதிவு போன ராத்திரி கமெண்டில் முதலில் வந்தது 'சட்டி ரெடி' இல்லை. "ஊறப் போட்டாச்சு" என்று வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, மழைக்காலத்துக்கும் இதே கேள்வியை வைக்கலாமா என்றார். கடல் கொந்தளித்துப் படகு போகாத நாளில் சட்டி ரெடியா என்று கேட்டுவிட்டு நாம் மீன் தராமல் போனால் நன்றாக இருக்காது. அதை அடுத்த ஜூன் வரை எடுத்து வைத்திருக்கிறோம். மழைக்குக் கருவாட்டை வைத்து வேறு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.